ஒரு வயிறு, இரண்டு நிறம்

அப்பாவும் அம்மாவும் மாநிறம். மூத்த பையன் நல்ல சிவப்பு. மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த தம்பி நல்ல கறுப்பு. இருவருக்கும் மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு. சிரித்தால் இடது கன்னத்தில் ஒரே குழி. தம்பிக்கு இரண்டு வயதானபோது, பக்கத்து வீட்டு அத்தை இருவரையும் வாசலில் சேர்த்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுன்னு சொன்னா யாருடி நம்புவா? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களோ என்னமோ!" கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்று பிள்ளை மாறியிருக்கும் என்பது. மற்றது வாய்விட்டுச் சொல்லப்படாதது. அது அம்மாவின் மேல் விழுவது.

கற்பனைக் கதைதான். ஆனாலும் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது. ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் இப்படி இரண்டு பிள்ளைகள் பிறக்க முடியுமா என்பதற்கு மரபியலில் தெளிவான விடை உண்டு.

தோலின் நிறத்துக்கு முக்கியக் காரணம் மெலனின் என்ற நிறமி. தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் உள்ள நிறமிச் செல்கள் அதை உருவாக்கி, சின்னஞ்சிறு பைகளில் அடைத்து, சுற்றியுள்ள தோல் செல்களுக்கு அனுப்புகின்றன. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கும் மெலனினின் அளவும் வகையும், அந்தப் பைகளின் பருமனும், அவை பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன. இவற்றைத் தீர்மானிப்பது ஒரு மரபணு அல்ல, பல. அப்பாவின் நிறமும் அம்மாவின் நிறமும் பாலும் டிகாஷனும் போலக் கலந்து பிள்ளைக்கு வருவதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

அந்தப் பல மரபணுக்களில் நம் பகுதிக்கு மிகவும் முக்கியமானது எஸ்எல்சி24ஏ5. இது அடையாளம் காணப்பட்டது வரிக்குதிரை மீனில். வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் கோடு கோடாக நீந்துமே, அதே மீன். அதில் கோடுகள் வெளிறிப் பொன்னிறமாகத் தெரியும் ஒரு வகை உண்டு. அந்த வெளிறலுக்குக் காரணமான மரபணு மனிதரிடமும் இருக்கிறது என்றும், ஐரோப்பியரின் வெளிர் நிறத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்றும் 2005இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதரிடம் இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒரு வடிவம் நிறத்தை அடர்த்தியாக்கும், மற்றது வெளிறச் செய்யும்.

வெளிர் வடிவம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தின் தென்பகுதியைச் சேர்ந்த 1,228 பேரின் தோல் நிறத்தைக் கருவியால் அளந்தது. அவர்களுக்கிடையே இருந்த நிற வேறுபாட்டில் ஏறத்தாழ 27 சதவீதத்தை இந்த ஓர் எழுத்து மட்டுமே விளக்கியது. துணைக்கண்டத்தின் 54 சமூகங்களில் தேடியபோது, வெளிர் வடிவம் பரவலாக இருப்பதும், சமூகத்துக்குச் சமூகம் அதன் விகிதம் பெரிதும் மாறுவதும் தெரிந்தன. பல ஊர்களில், பல குடும்பங்களில், இரண்டு வடிவங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கின்றன என்பது இதன் பொருள். அண்ணன் தம்பி கதை தொடங்குவது அங்கேதான்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று அப்பாவிடமிருந்து, மற்றொன்று அம்மாவிடமிருந்து. பிள்ளை பெறும்போது அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே கொடுக்கிறோம். எதைக் கொடுப்பது என்பது காசு சுண்டுவது போன்றது. கணக்கு எளிதாக இருக்க, நிறத்தைத் தீர்மானிப்பவை மூன்றே மரபணுக்கள் என்றும், மூன்றுக்கும் சம பலம் என்றும் வைத்துக்கொள்வோம். அப்பாவிடம் ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வடிவம், ஒரு வெளிர் வடிவம். அம்மாவிடமும் அப்படியே. இருவரிடமும் ஆறுக்கு மூன்று கறுப்பு, இருவரும் மாநிறம்.

இவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பா மூன்று காசு, அம்மா மூன்று காசு சுண்டுகிறார்கள். ஆறும் கறுப்பாக விழ 64இல் ஒரு வாய்ப்பு. ஆறும் வெளிராக விழவும் அதே அளவுதான். சரிபாதியாக, பெற்றோரைப் போலவே விழ 64இல் 20 வாய்ப்பு. மீதியெல்லாம் இடைப்பட்டவை. நம் கதையில் மூத்தவனுக்கு ஒரு கறுப்பு விழுந்தது, இளையவனுக்கு ஐந்து. இப்படி நான்கோ அதற்கு மேலோ இடைவெளி வருவது, இந்தக் கணக்கில் ஏறக்குறைய 26 சகோதர ஜோடிகளில் ஒன்றுக்கு. மூன்று இடைவெளி போதும் என்றால் ஏறக்குறைய ஏழு ஜோடிகளில் ஒன்று. ஒரு நீளமான தெருவில் இப்படி ஒரு வீடாவது இல்லாமல் போனால்தான் ஆச்சரியம்.

நிஜத்தில் மரபணுக்கள் மூன்றுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஒரே பலமும் இல்லை. எஸ்எல்சி24ஏ5 போன்ற ஒரு பெரிய காசு அண்ணனுக்கு ஒரு பக்கமும் தம்பிக்கு மறுபக்கமும் விழுந்தாலே வித்தியாசம் கண்ணில் படும். மாறாக, பெற்றோர் இருவரிடமும் எல்லா இடத்திலும் ஒரே வடிவமே இரட்டையாக இருந்தால் சுண்டுவதற்கு எதுவுமில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருப்பார்கள். "தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த விஷயத்தில் அத்தையின் பேச்சைவிட அறிவியலுக்கு நெருக்கமானது. மாநிறப் பெற்றோருக்குள் மறைந்திருந்த தாத்தாவின் காசுதான் பேரனிடம் மேலே வந்து விழுகிறது.

வெயிலையும் கழித்துப் பார்க்க வேண்டும். நாளெல்லாம் மைதானத்தில் கிடக்கும் பையனின் முகத்தையும், வீட்டுக்குள் இருக்கும் பையனின் முகத்தையும் ஒப்பிட்டால் பயனில்லை. வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத்தில்தான் ஆய்வாளர்கள் அளப்பது வழக்கம். பிறந்த குழந்தையை வைத்தும் முடிவு கட்ட முடியாது. பல குழந்தைகளுக்கு நிறம் முதல் சில மாதங்களில்தான் கூடி நிலைக்கும்.

அம்மா கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அண்ணனுக்குக் குங்குமப்பூப் பால் குடித்தாள், தம்பிக்குக் குடிக்கவில்லை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் உதவும். காசுகள் கரு உருவான அன்றே விழுந்துவிட்டன. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுக்கும் என்ற பயம் இன்னும் மோசமானது. அதைச் சாப்பிடாமல் விட்டால் பிள்ளையின் நிறம் மாறாது, தாயின் ரத்தசோகைதான் கூடும்.

அத்தையின் இரண்டு சந்தேகங்களுக்கும் நிறம் சாட்சியாகாது. உண்மையாகவே பிள்ளை மாறிப்போனதா, தகப்பன் யார் என்று வழக்கு எழுந்தால், நீதிமன்றம் ஏற்கும் டிஎன்ஏ பரிசோதனை சுமார் 20 இடங்களில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் துண்டுகளை எண்ணி, பிள்ளையுடையதையும் பெற்றோருடையதையும் ஒப்பிடுகிறது. தோல் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு எதையும் அந்தப் பரிசோதனை பார்ப்பதில்லை.