மேல்வீட்டுத் தண்ணீர், கீழ்வீட்டு உட்கூரை

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஆறாவது மாடி வீட்டின் குளியலறை உட்கூரையில் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை தெரிகிறது. சில வாரங்களில் கறையின் நடுவே ஒரு துளி திரள்கிறது, தொங்குகிறது, விழுகிறது. நொடிக்கு ஒரு துளி என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏறக்குறைய 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளில் 86,400 நொடிகள். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வருகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் கிட்டத்தட்ட மூன்று நிரம்பிவிடும்.

தண்ணீர் மேலிருந்து வருகிறது, ஏழாவது மாடிக்காரர் பணம் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் துளி விழும் இடமும் தண்ணீர் தப்பிய இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போகும் வழி மிகவும் சுவாரசியமானது.

குளியலறைத் தரையில் நாம் பார்ப்பது ஓடுகளை. தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அவை என்று நினைக்கிறோம். உண்மையில் ஓடுகளின் இடைவெளிகளை நிரப்பியிருக்கும் சிமெண்ட் பூச்சு தண்ணீரை உறிஞ்சும். எந்தக் குறையும் இல்லாத குளியலறையில்கூட, ஓடுகளுக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் கலவைப் படுகை நனைந்தபடியே இருக்கலாம். கீழ்வீட்டைக் காப்பாற்றுவது அதற்கும் கீழே மறைந்திருக்கும் ஒரு மெல்லிய படலம். வாட்டர்புரூஃபிங் என்று மேஸ்திரிகள் சொல்லும் நீர்த்தடுப்புப் படலம் அதுதான். சில மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அது தரை முழுவதும் பரவி, சுவரோரங்களில் சற்று மேலேறி நிற்கிறது. அதற்கு மிகவும் பலவீனமான இடம், தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் வாயைச் சுற்றிய வட்டம். அங்கே பிளாஸ்டிக்கும் சிமெண்டும் சந்திக்கின்றன. வெப்பத்தில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. ஆண்டுகள் போகப்போக அந்த இணைப்பு விரிசல் விடுகிறது.

படலத்தைத் தாண்டிய தண்ணீர் நேராக விழுவதில்லை. படுகைக்குள் சரிவு பார்த்து ஓடி, கான்கிரீட் தளத்தில் எங்கே மயிரிழை விரிசல் கிடைக்கிறதோ அங்கே இறங்குகிறது. அந்த இடம் ஒரு மீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

கான்கிரீட்டுக்குள் இன்னொரு அதிசயம் நடக்கிறது. தண்ணீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக உறைகிறது. விரிசல் மிக மெல்லியதாக, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், இந்த உறைவே அதை அடைத்துவிடக்கூடும். சில கசிவுகள் யாரும் தொடாமலே நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். விரிசல் பெரிதாக இருந்தால், அதே பொருள் உட்கூரையிலிருந்து வெள்ளைக் குச்சிகளாகத் தொங்கத் தொடங்கும். சுண்ணாம்புக் குகைகளில் தொங்கும் கல்விழுதுகளும் கால்சியம் கார்பனேட்தான். வெள்ளைக் குச்சியைப் பார்த்தால் ஒன்று நிச்சயம்: தண்ணீர் நேற்று வந்ததல்ல. நெடுநாளாகக் கான்கிரீட் வழியே நடந்திருக்கிறது.

கவலைப்பட வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். ஈரம் உள்ளே இருக்கும் கம்பிகளை அடைந்து அவை துருப்பிடித்தால், துரு இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிரும்.

எங்கிருந்து கசிகிறது என்பதைக் கண்டுபிடிக்க முதலில் உதவுவது நேரம். நாள் முழுவதும் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தத்தில் ஓடும் குடிநீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அது நகர்ந்தால், அந்த வீட்டுக் குழாயில்தான் எங்கோ ஓட்டை. குளித்து முடித்த சில நிமிடங்களில் மட்டும் கொட்டினால் கழிவுநீர்க் குழாய். பல கட்டடங்களில் மேல்வீட்டின் கழிவுநீர்க் குழாய் தளத்துக்குக் கீழே, கீழ்வீட்டு உட்கூரையை ஒட்டித்தான் போகிறது. குளித்துப் பல மணி நேரம் கழித்துத் தொடங்கி, மெதுவாக நீண்டு, வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அடங்கினால் நீர்த்தடுப்புப் படலம். இதை உறுதிசெய்ய வடிகாலை அடைத்துத் தரையில் சாயம் கலந்த நீரைத் தேக்கி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். கீழே சாயம் வந்தால் சான்று கிடைத்தது. வராவிட்டால் கசிவு இல்லை என்று பொருளல்ல. கான்கிரீட் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

இனி பணத்தின் வழி. சிங்கப்பூரில் அது வீட்டின் வகையைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலான மக்கள் வசிக்கும் வீவக வீடுகளில், படலம் காலத்தால் தேய்ந்து கசிந்தால் அது யாருடைய குற்றமும் அல்ல என்பதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஒருவரின் தரைதான் மற்றவரின் உட்கூரை. எனவே பழுதுபார்ப்பது இருவரின் கூட்டுப் பொறுப்பு. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தின் கீழ் வீவக பாதிச் செலவை ஏற்கிறது. மீதிப் பாதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பங்கிடுகின்றன. செலவு 2,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் கழகம் 1,000, இரு வீடுகளும் தலைக்கு 500. பாதிக்கப்பட்ட நானும் பணம் தர வேண்டுமா என்று கீழ்வீட்டுக்காரர் கொதிப்பதுண்டு. எனக்கு இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமாகவே படுகிறது. குற்றவாளியைத் தேடும் மாதங்களில் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கும். சண்டையைவிட ஓடு உடைப்பது மலிவு.

புதிய வீவக வீடென்றால் உட்கூரைக் கசிவுக்கு 5 ஆண்டு உத்தரவாதம் உண்டு. முதல் 3 ஆண்டுகளில் குளியலறை ஓடுகளைப் பெயர்க்கக் கூடாது என்ற விதியும் அந்தப் படலத்தைக் காப்பாற்றத்தான். மேல்வீட்டுக்காரர் கதவைத் திறக்கவே மறுத்தால்? அதற்காகவே 2015-இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளே சென்று சோதிக்கும் அதிகாரத்தை வீவக அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள்.

தனியார் கூட்டுரிமை வீடுகளில் கதை வேறு. அங்கே 2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குரிமை நிர்வாகச் சட்டம் ஒரு துணிச்சலான முடிவை எடுத்திருக்கிறது. என் உட்கூரையில் ஈரம் இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் காட்டினால் போதும். குறை மேலே இருக்கிறது என்றே நடுவர் மன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மேலே இருப்பவர். காரணம் எளிது: ஓடுகளையும் மீட்டரையும் வடிகாலையும் அணுகக்கூடியவர் அவர்தான். கீழே நிற்பவருக்குக் கறை மட்டுமே தெரிகிறது. இது தீர்ப்பல்ல, தொடக்கப் புள்ளி. பல வீடுகளுக்குப் பொதுவான குழாயோ வெளிச்சுவரோதான் கசிகிறது என்று மேல்வீட்டுக்காரர் சோதனை அறிக்கையோடு காட்டினால், பொறுப்பு கட்டடத்தின் நிர்வாகக் கழகத்துக்குப் போய்விடும்.

காப்புறுதி எடுத்தவர் முதலில் தம் நிறுவனத்திடமே கேட்கலாம். அது பணத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய இடத்தில் நின்று மேல்வீட்டுக்காரரிடம் திரும்ப வசூலிக்க முயலும். ஆனால் பல காப்புறுதிகள் குழாய் திடீரென வெடித்ததை ஏற்கும், மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததை ஏற்காது. இங்கே அந்த வெள்ளைக் குச்சி மீண்டும் சாட்சி சொல்ல வந்துவிடும், இம்முறை கீழ்வீட்டுக்காரருக்கு எதிராக. கறை தெரிந்த முதல் நாளே தேதியோடு படமெடுத்து, எழுத்தில் மேல்வீட்டுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிப்பது அதனால்தான் முக்கியம். பழுதுபார்த்த பிறகும் தளத்திலிருக்கும் ஈரம் வெளியேற வாரங்கள் ஆகும். ஈரமானியில் அளவு இறங்கிவிட்டது தெரியும்வரை உட்கூரைக்குச் சாயம் பூசாதீர்கள்.