கோடியை மில்லியனாக்கும்போது

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம், ஜெர்மனியில் உள்ள கூட்டாளிகளுக்கு ஆண்டறிக்கை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். விற்பனை 487.6 கோடி ரூபாய். சரக்குப் போக்குவரத்துக்கு 1,845 லட்சம். பயிற்சிச் செலவு 62 லட்சம். ஒரே அறிக்கையில் ஒரு கணக்கு கோடியிலும் இன்னொன்று லட்சத்திலும் இருப்பது நம் அலுவலகங்களில் வழக்கம்தான். தவறு நுழைவதும் அந்த இடத்தில்தான்.

பத்து லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். ஆகவே கோடியைப் பத்தால் பெருக்க வேண்டும், லட்சத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். விற்பனை 4,876 மில்லியன், போக்குவரத்து 184.5 மில்லியன், பயிற்சி 6.2 மில்லியன் என்று வரும். நூறு கோடி ஒரு பில்லியன் என்பதால் விற்பனையை 4.876 பில்லியன் என்றும் எழுதலாம். ஆனால் அதே அட்டவணையில் பயிற்சிச் செலவு 0.0062 ஆகிவிடும், இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 0.01 என்று தப்பாகவே நிற்கும். இந்த அளவிலான நிறுவனத்துக்கு மில்லியனே பொருத்தம்.

ஜெர்மானியர்களுக்கு மில்லியன் இன்னொரு வகையிலும் நல்லது. அவர்கள் மொழியில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. நூறு கோடிக்கு அவர்கள் சொல்வது மில்லியார்டே. மில்லியன் மட்டும் இரு பக்கமும் ஒன்றே. காற்புள்ளியும் அங்கே தசமக் குறி. அதனால் 4,876 என்பதை நான்கே முக்கால் சொச்சம் என்று ஒருவர் படித்துவிடலாம். குறியே இல்லாமல் 4876 என்று எழுதிவிடுவதுதான் என் கட்சி.

எழுதியது சரியா என்று பார்க்க விகிதம் போதும். மூலக் கணக்கில் போக்குவரத்துச் செலவு 18.45 கோடி, அதாவது விற்பனையில் சுமார் 3.8 சதவீதம். மாற்றிய அட்டவணையிலும் அதுவே வர வேண்டும். பத்தால் பெருக்க மறந்து விற்பனையை 487.6 மில்லியன் என்று போட்டிருந்தால் 38 சதவீதம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எல்லா எண்களிலும் ஒரே தவறு நடந்திருந்தால் விகிதம் மாறாது. அப்போது ஒரு தொகையையாவது முழு இலக்கங்களில் எழுதிப் பாருங்கள்: 4,87,60,00,000. காற்புள்ளிகளை நீக்கி, வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 4,876,000,000. கடைசி ஆறு இலக்கங்களை மறைத்தால் எஞ்சுவதே மில்லியன்.

டாலராக்குவதை இதோடு கலக்காதீர்கள். முதலில் ரூபாயிலேயே மில்லியனுக்கு மாற்றி, சரிபார்த்து, பிறகு வகுங்கள். டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் 4876 மில்லியன் ரூபாய், சுமார் 57.4 மில்லியன் டாலர். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால், விடை பத்து மடங்கு பிசகினாலும் கண்ணில் படாது, 5.74 என்பதும் நம்பும்படியாகத்தான் தெரியும்.

அட்டவணையின் தலைப்பில் INR million என்ற அலகையும், கணக்கு 31 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு உரியது என்பதையும், டாலர் மதிப்பு கொடுத்திருந்தால் எடுத்துக்கொண்ட மாற்று விகிதத்தையும் தவறாமல் எழுதுங்கள்.