எல்லாமே அவசரம் என்றால்

மென்பொருள் குழுக்களில் பிழைகளுக்கு P1, P2, P3 என முன்னுரிமை போடுவார்கள். P2 போட்ட புகாரை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று தெரிந்தால், வாடிக்கையாளர் சேவைக்காரர் அடுத்த முறை எழுத்துப்பிழைக்கும் P1 போடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வேறு வழியில் வேலை நடக்கவில்லையே.

அதனால் சில குழுக்கள் P1-க்கு ஒரு விலை வைக்கின்றன. போட்டவுடன் முறைப்பணியில் இருப்பவரின் போன் நள்ளிரவானாலும் அடிக்கும். பணம் கட்டும் பக்கம் முடங்கினால் எழுப்பலாம். பொத்தானின் நிறத்துக்காக எழுப்ப யாருக்கும் மனம் வராது. வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து, இரண்டு நாளாக எவரும் கைவைக்காத P1-ஐக் கீழே இறக்குவார்கள். காத்திருக்க முடிந்தது என்றால் அது P1 இல்லை. ஆனால் P2-க்கும் வாராவாரம் நேரம் ஒதுக்காவிட்டால், மறுபடி எல்லாம் P1 ஆகிவிடும்.