விட்டுப்போன ஒரு வாரம்

காலைக் காபி குடித்ததும் அரை மணி நேரம் நடப்பது என்று தொடங்கி, மூன்று வாரம் ஒழுங்காகப் போகிறது. பிறகு ஊரில் ஒரு கல்யாணம், திரும்பி வந்ததும் சளி. ஒரு வாரம் விட்டுப்போகிறது. ‘நமக்கெல்லாம் இது சரிப்படாது’ என்று ஷூ மூலைக்குப் போய்விடுகிறது.

நடையை நிறுத்துவது பெரும்பாலும் அந்த வாரமல்ல, இந்தத் தீர்ப்புதான். குடியை விட்டவர்களைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் சொன்னார்: ஒருமுறை சறுக்கியதை ‘என் குணமே இப்படி’ என்று எடுத்துக்கொள்பவர், முழுதாகப் பழைய நிலைக்கே போய்விடக்கூடும்.

லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு நாள் தவறியது, பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு அந்த ஆய்வு உத்தரவாதம் தராது. கொஞ்சம் பின்தங்கத்தான் செய்வோம்.

அதை ஈடுகட்ட முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிடாதீர்கள். கால் வலித்து மறுநாளும் போய்விடும். அதே காபி, அதே தெரு, பத்து நிமிடம் போதும். நான்கைந்து நாளில் அரை மணிக்குக் கொண்டுவரலாம். அதன் பிறகும் அடிக்கடி விட்டுப்போனால், நேரத்தைச் சந்தேகியுங்கள். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றும் அவசரத்தோடு அது மோதுகிறதென்றால், நடையை மாலை டீக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.