ஆள் தூங்கும்போது பதிவு போவது எப்படி?

இரவு 11 மணிக்கு எழுதி வைக்கும் பதிவு, காலை 6 மணிக்கு எக்ஸ் தளத்தில் தானாக வெளியாக வேண்டும். இதைச் செய்துதரும் கருவியை எழுதுவது எளிது என்றே தோன்றும். ஆனால் பதிவுகளை ஏற்றுக்கொள்ளும் `POST /2/tweets` என்ற முகவரியில், 'இத்தனை மணிக்கு வெளியிடு' என்று சொல்ல இடமே இல்லை. கருவிதான் பதிவைத் தன்னிடம் வைத்திருந்து, சரியாக ஆறு மணிக்கு, கணக்குக்காரரின் பெயரில் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் இல்லாதபோது அவர் பெயரில் பேசும் உரிமை கருவிக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் கடவுச்சொல்லையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ட்விட்டர் 2010 ஆகஸ்டில் அந்த வழியை மூடியது. இப்போது கருவி, பயனரை எக்ஸின் சொந்தப் பக்கத்துக்கே அனுப்புகிறது. அவர் அங்கே உள்நுழைந்து, கருவி என்னென்ன கேட்கிறது என்று பார்த்து, சம்மதம் தருகிறார். திரும்பி வரும்போது ஒரு தற்காலிகக் குறியீடு கூடவே வரும். அதன் ஆயுள் 30 விநாடிதான். அதற்குள் கருவியின் சர்வர் அதைக் கொடுத்து, டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் கருவியின் கண்ணில் படுவதே இல்லை.

என்னென்ன கேட்கிறது என்பதை முடிவு செய்வது ஸ்கோப், அதாவது அனுமதியின் எல்லை. நம் கருவிக்கு இவ்வளவு போதும்:

```
tweet.read tweet.write users.read offline.access
```

பதிவிட `tweet.write` வேண்டும். அதோடு `tweet.read`, `users.read` இரண்டும் இருந்தால்தான் அந்த முகவரி பதிவை ஏற்கும். தனிச்செய்திகளைப் படிக்கும் `dm.read` அனுமதியை 'பின்னால் உதவும்' என்று சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டோக்கன் திருடு போனால், இல்லாத அனுமதியைத் திருடனும் பயன்படுத்த முடியாது. பின்னால் புதிய வசதி சேர்க்கும்போது பயனரிடம் மறுபடியும் சம்மதம் கேட்டுக்கொள்ளலாம்; கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் பழைய டோக்கனின் எல்லை தானாக விரியாது.

நான்காவதாக இருக்கும் `offline.access`தான் நம் கேள்விக்கு விடை. டோக்கனோடு வரும் பதிலில் `"expires_in":7200` என்று இருக்கும். 7200 விநாடி என்றால் இரண்டு மணி நேரம். இரவு 11 மணிக்கு வாங்கிய டோக்கன் 1 மணிக்கே காலாவதியாகிவிடும். ஆறு மணிக்கு அதை நீட்டினால் 401 என்று திரும்பி வரும். பகலில், அரை மணி நேரம் தள்ளி ஒரு பதிவை வைத்துச் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும். ராத்திரியில்தான் உடையும். `offline.access` கேட்டிருந்தால் `refresh_token` என்று இன்னொன்றும் வரும். ஆறு மணிக்குச் சற்று முன் அதைக் கொடுத்தால், பயனரை எழுப்பாமலே புது டோக்கன் கிடைக்கும்.

ஆனால் இந்த `refresh_token` ஒரே ஒரு முறைதான் செல்லும். ஒவ்வொரு முறையும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குகிறோம். ஒரே கணக்கில் ஆறு மணிக்கு இரண்டு பதிவுகள் காத்திருக்கின்றன, இரண்டு நிரல்கள் ஒரே நொடியில் புதுப்பிக்கப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் போனதற்குப் புது ஜோடி கிடைக்கும். அடுத்தது நீட்டுவது செத்துப்போன டோக்கனை, தோல்விதான். தோற்ற நிரல் அவசரப்பட்டு 'இணைப்பு அறுந்தது' என்று பதிவேட்டில் எழுதிவிட்டால், நல்ல நிலையில் இருந்த கணக்கும் கெட்டது. ஆகவே ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் புதுப்பிக்கலாம் என்று பூட்டுப் போட வேண்டும். புது ஜோடி கைக்கு வந்ததும் முதலில் அதைச் சேமிக்க வேண்டும், பிறகே பதிவிட வேண்டும். இந்த வரிசை மாறி, நடுவில் சர்வர் நின்றுபோனால், பழையதும் செல்லாது, புதியதும் கையில் இருக்காது.

எங்கே கோளாறு என்று பிழை எண்ணே ஓரளவு சொல்லிவிடும். 401 வந்தால் டோக்கன் செல்லவில்லை, புதுப்பித்துப் பார்க்கலாம். 403 வந்தால் எக்ஸுக்கு ஆளைத் தெரிகிறது, அந்தச் செயலுக்குத்தான் அனுமதி இல்லை. எத்தனை முறை புதுப்பித்தாலும் பயனில்லை. 403-க்குச் சாதாரணமான ஒரு காரணம், டெவலப்பர் பக்கத்தில் கிடைக்கும் பேரர் டோக்கனை எடுத்துப் பதிவிட முயல்வது. அது செயலியின் அடையாளம். எந்த மனிதரின் கணக்கையும் அது குறிக்காது, ஆகவே யார் பெயரிலும் பதிவிட முடியாது.

பயனர் நினைத்தால், தம் கணக்கின் அமைப்புகளுக்குப் போய் எந்த நேரமும் கருவியின் அனுமதியைப் பறித்துவிடலாம். அதன்பின் புதுப்பிக்கப் போனால் மறுப்புதான் வரும். அப்போது கருவி திரும்பத் திரும்பக் கதவைத் தட்டக் கூடாது. அந்தக் கணக்கில் காத்திருக்கும் பதிவுகளை அழிக்காமல் நிறுத்திவைத்து, வைத்திருக்கும் டோக்கன்களை நீக்கிவிட்டு, மறுபடியும் இணைக்க விருப்பமா என்று மின்னஞ்சலில் ஒரு முறை கேட்டால் போதும்.