நிரம்பிய டேங்க், பாதியில் நின்ற முள்

பங்கில் டேங்கை முழுசாக நிரப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிட்டது. கேஜ் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வழக்கமாக வண்டி பார்க்கும் எலக்ட்ரீஷியன் கேட்டது வேறு: "சார், டேங்க்ல சமீபத்துல ஏதாவது வேலை பாத்தீங்களா?" துரு பிடித்திருந்ததால் போன மாதம்தான் கழற்றிச் சுத்தம் செய்து பெயின்ட் அடித்திருந்தோம். "அப்ப கேஜைத் தொட வேணாம், முதல்ல எர்த்தைப் பாப்போம்" என்றார்.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதன் கை, மின்தடைப் பட்டை ஒன்றின்மேல் உரசிக்கொண்டே நகர்கிறது. இதுதான் சென்டர் யூனிட். கேஜிலிருந்து வரும் கரண்ட் அந்தப் பட்டை வழியாகப் போய், யூனிட்டின் உலோகத் தட்டு, டேங்க், வண்டியின் பாடி என்று இறங்கி பேட்டரியின் நெகட்டிவை அடைகிறது. வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ, அதற்கேற்ப முள் நிற்கும். என் வண்டியில் இருந்த யூனிட்டுக்கு டேங்க் காலியானால் 240 ஓம், பாதியில் சுமார் 103, நிரம்பினால் 33. இந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும். சில வகைகளில் தலைகீழாக, காலியில் குறைந்தும் நிரம்பினால் கூடியும் இருக்கும். அதனால் உங்கள் வண்டிக்கு எது என்று தெரிந்துகொண்டுதான் மீட்டரை எடுக்க வேண்டும்.

அவர் முதலில் சாவியை அணைத்துவிட்டு, யூனிட்டிலிருந்து ஒயரைப் பிடுங்கி, பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் இறுக்கினார். பிறகுதான் சாவியைப் போட்டார். முள் நேராக முழு அளவுக்குப் போனது, உடனே அணைத்துவிட்டார். கேஜும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று இதிலேயே தெரிந்துவிட்டது. சாவி போட்ட நிலையில் டேங்க் அருகே ஒயரை உரசிப் பார்க்கவே கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

அடுத்து, ஒயரை மாட்டாமலேயே மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் முனையிலும் மற்றொன்றை அதன் உலோகத் தட்டிலும் வைத்தார். 35 ஓம் வந்தது. டேங்க் நிரம்பியிருக்கும்போது வர வேண்டியதற்குச் சற்றேதான் அதிகம், ஆகவே யூனிட்டும் நல்லதுதான். இரண்டாவது முனையைத் தட்டிலிருந்து எடுத்து பேட்டரி நெகட்டிவில் வைத்ததும் 95 ஆகிவிட்டது. நடுவில் இருந்த 60 ஓம், பெயின்ட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த எர்த் கோளாறு. ஒயரை மாட்டி, சாவியைப் போட்டு, அதே தட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பார்த்தோம். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் நின்றது. இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன். கரண்ட் ஓடும்போது எர்த் எப்படி இருக்கிறது என்பதை இதுதான் காட்டும்.

60 ஓம் எப்போதும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டே இருந்ததில்தான் என் முள்ளின் குழப்பம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. நிரம்பியபோது 95, ஆகவே முள் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. பாதி இருக்கும்போது 163, அது கால்வாசிக்கும் கீழே காட்டும். டேங்கில் ஆறில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே முள் காலியைத் தொட்டுவிடும். நிரம்ப நிரம்பத் தவறு பெரிதாகத் தெரிகிறது என்றால், இந்த வகை வண்டியில் நான் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பட்டை தேய்ந்திருந்தால் அறிகுறி வேறு, குறிப்பிட்ட ஒரே அளவில் மட்டும் முள் துள்ளும் அல்லது விழும். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால், எவ்வளவு நிரப்பினாலும் முள் காலியிலேயே கிடக்கும்.

யூனிட்டின் ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து, அங்கிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டார். சாவியைப் போட்டதும் முள் மேலே ஏறி முழு அளவில் நின்றது.

டேஷ்போர்டு பக்கமும் எர்த் கெடும். ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் மீட்டர் பெட்டியின் எர்த்தைப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் பொதுவாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு முள்களுமே அளவுக்கு மேல் காட்டும். மீட்டர் பெட்டியின் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் இழுத்துப் பார்த்தால், முள்கள் ஒழுங்குக்கு வருகின்றனவா என்று தெரிந்துவிடும்.

புதிய கார்களில் யூனிட்டின் ஒயர் கணினிப் பெட்டிக்குப் போகிறது. அங்கே ஒயரை எர்த்தில் இறுக்கிப் பார்க்கும் முதல் சோதனையைச் செய்யக் கூடாது. யூனிட்டைக் கழற்றி ஓம் மட்டும் அளக்கலாம்.