299 792 458: வரி மாறக் கூடாத எண்

ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடிக்கு 299 792 458 மீட்டர் போகும். நம் கணக்கில் 29 கோடியே 97 லட்சத்து 92 ஆயிரத்து 458. 1983 முதல் மீட்டர் என்ற அளவையே இந்த எண்ணை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள். அதனால் இதில் ஒரு இலக்கம்கூட தோராயம் கிடையாது.

இந்த எண் ஒரு பத்திரிகையின் ஒடுக்கமான பத்தியில் வருகிறது என்று வையுங்கள். வரியின் கடைசியில் 299 792 நிற்கிறது. மிச்சமுள்ள 458, ‘மீட்டர்’ என்ற சொல்லோடு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வரி முடிவில் நிற்கும் 299 792 என்பதும் சரியான விடைதான் என்பதில்தான் வினை இருக்கிறது. அது ஒளி நொடிக்குப் போகும் கிலோமீட்டர் கணக்கு. பள்ளியில் ‘மூன்று லட்சம் கிலோமீட்டர்’ என்று படித்தவர் அதைப் பார்த்ததும் சரி என்று தலையாட்டிவிடுவார். அடுத்த வரியின் 458 எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் குழம்புவார். மெய்ப்புத் திருத்துபவர் கண்ணிலும் இது சுலபமாகத் தப்பிவிடும், ஏனென்றால் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

பேசாமல் காற்புள்ளி போட்டுவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். இந்தியாவில் அதைத்தான் செய்கிறோம். பிரான்சில் அது முடியாது. அங்கே காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அங்குள்ளவருக்கு 1,234 என்பது ஆயிரத்துச் சொச்சம் அல்ல, ஒன்றே காலுக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், அது நமக்கும் ஆங்கிலேயருக்கும் தசமம். இந்தச் சண்டையில் யார் பக்கமும் சாயாமல், எடைகள் அளவுகளுக்கான பொது மாநாடு 1948இல் ஒரு வழி சொன்னது. இலக்கங்களை மும்மூன்றாகப் பிரிக்கலாம், ஆனால் நடுவில் புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். 2003இல் கூடிய மாநாடு தசமத்துக்குப் புள்ளி, காற்புள்ளி இரண்டில் எதையும் வைக்கலாம் என்றது. இலக்கக் கூட்டங்களுக்கு நடுவே வெறும் இடைவெளிதான் என்பதை மறுபடி உறுதி செய்தது. உலகம் முழுக்க அறிவியல் நூல்கள் இந்த வழக்கைப் பின்பற்றுவதால், அவற்றை மொழிபெயர்க்கும் தமிழ்ப் பதிப்பகங்களுக்கும் இடைவெளி வந்து சேர்ந்துவிடுகிறது.

ஈய எழுத்துக் காலத்தில் இது ஒரு தொல்லையாகவே இருக்கவில்லை. இடைவெளி என்பதும் ஓர் ஈயத் துண்டுதான். அச்சுக்கோப்பவர் சொற்களுக்கு நடுவே தடித்த துண்டையும் இலக்கங்களுக்கு நடுவே மெல்லிய துண்டையும் வைப்பார். எண் வரிக்குள் அடங்காவிட்டால் முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளுவார். வரியை எங்கே முறிப்பது என்று முடிவெடுத்தது மனிதர். கணினி வந்தபின் அந்த முடிவை மென்பொருள் எடுக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இடைவெளி கண்ட இடத்தில் முறிக்கலாம். காற்புள்ளி அப்படியல்ல. இரண்டு இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி இருந்தால் அங்கே முறிக்கக் கூடாது என்று யூனிகோடின் வரிமுறிப்பு விதியிலேயே இருக்கிறது. 29,97,92,458 என்று எழுதினால் அது உடையாது. தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் பலர் இந்தச் சிக்கலைக் கண்டதே இல்லை என்றால் காரணம் அதுதான்.

கண்ணுக்கு எல்லா இடைவெளியும் ஒன்றுபோல வெள்ளையாகத் தெரியும். கணினிக்கு ஒவ்வொன்றும் தனி எழுத்து, தனி எண், தனிக் குணம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுவது U+0020. அது வரி முடிவில் உடையும். மெல்லிய இடைவெளி என்று U+2009 ஒன்று உண்டு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதுவும் உடையும். ‘மெல்லிசாகப் போட்டுவிட்டேனே’ என்று நம்பி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் போட்டிருப்பார்கள். மூன்றாவது U+00A0, வலைப்பக்கம் செய்பவர்களுக்குப் பழக்கமான ` `. இது உடையாது. அப்படியானால் இதுவே போதாதா?

பத்தி இருபுறமும் சமமாக நிற்கும்படி அமைத்தால் போதாது. வரியைச் சமன் செய்ய மென்பொருள் சொல் இடைவெளிகளை இழுத்து அகலமாக்கும். உலாவிகள் U+00A0வையும் சொல் இடைவெளியாகவே எண்ணி அதையும் சேர்த்து இழுக்கும். தமிழில் இது இன்னும் மோசம். நம் சொற்கள் நீளம், ஒடுக்கமான பத்தியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு இடைவெளிதான் இருக்கும், எனவே ஒவ்வொன்றும் நிறைய இழுபடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எழுத்து 10 பாயின்ட். சாதாரண இடைவெளி ஏறத்தாழ இரண்டரை பாயின்ட். வரியில் 12 பாயின்ட் குறைகிறது. சொற்களுக்கு நடுவே மூன்று இடைவெளி, எண்ணுக்குள் இரண்டு, ஆக ஐந்து. ஆளுக்கு 2.4 பாயின்ட் கூடுகிறது. எண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொரு இடைவெளியும் கிட்டத்தட்ட 5 பாயின்ட் ஆகிவிடும். அது ஏறக்குறைய ஓர் இலக்கத்தின் அகலம்! படிப்பவருக்கு நடுவில் ஓர் இலக்கம் விழுந்துவிட்டதோ என்று தோன்றும்.

இந்த இரண்டு குறையும் இல்லாதது U+202F. ஒடுங்கிய, உடையாத இடைவெளி. அகலம் வழக்கமாக எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 பாயின்டுக்கு 2 பாயின்ட். உலாவிகள் இதைச் சொல் இடைவெளியாக எண்ணுவதில்லை. வரியின் குறை முழுவதையும் வெளியே உள்ள மூன்று இடைவெளிகளே ஏற்றுக்கொள்ளும், எண் அசையாமல் நிற்கும். யூனிகோடு இதை 1999இல் சேர்த்தது மங்கோலிய மொழியின் விகுதிகளுக்காக. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய ஈயத் துண்டு திரும்பக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

வலைப்பக்கத்தில் இப்படி எழுதலாம்:

```
299 792 458
```

8239 என்பது 202Fஇன் பதின்ம வடிவம். விண்டோஸில் வேர்ட் பயன்படுத்துபவர்கள் 202F என்று அடித்து Alt+X அழுத்தினால் அது இடைவெளியாக மாறும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 299ஐ ஒட்டியே 202F அடித்தால், முன்னால் உள்ள இலக்கங்களையும் குறியீட்டின் பகுதி என்று நினைத்து வேர்ட் விழுங்கப் பார்க்கும். 202F என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு Alt+X அழுத்த வேண்டும். அல்லது வெற்றிடத்தில் ஒருமுறை உருவாக்கி, வேண்டிய இடங்களில் ஒட்டிக்கொள்ளலாம். முழு நூலையும் ‘தேடி மாற்று’ போட்டுத் திருத்துபவர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுவதே நல்லது. ‘ஜூலை 20 150 பேர் வந்தனர்’ என்ற வாக்கியத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வந்துவிடுவார்கள்.

மென்பொருள்கள் மொழிவாரியாக எண், தேதி எழுதும் முறைகளை எடுத்துக்கொள்ளும் யூனிகோடின் பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு, பெயர் CLDR. 2018இல் அதில் பிரெஞ்சு எண்களுக்கான பிரிப்பான் U+00A0விலிருந்து U+202Fக்கு மாறியது. யாரும் விசையைத் தட்டாமலே உலாவிகள் இந்த எழுத்தைப் போட ஆரம்பித்தன. அப்போதுதான் வேடிக்கை. jsPDF என்னும் நிரலகத்தைக் கொண்டு பிரெஞ்சு விலைப்பட்டியலை பிடிஎஃப் ஆக்கியவர்களுக்கு எண்கள் 299/792/458 என்று சாய்கோட்டோடு வந்தன. பிடிஎஃபுடன் இயல்பாக வரும் எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான் இடம். 202F இரண்டு பைட். முன்பாதி 20 வெட்டுப்பட்டு, பின்பாதி 2F மட்டும் மிஞ்சியது. 2F என்பது சாய்கோட்டின் எண். யூனிகோடு எழுத்துரு ஒன்றை பிடிஎஃபுக்குள் சேர்த்துக் கொடுத்தால் இது தீரும். தமிழ் எழுத்துருவிலேயே U+202F இல்லாவிட்டால் வேறு விதமான கோளாறு வரும்: உலாவி அந்த ஓர் எழுத்தை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், அகலம் பொருந்தாது; சில மென்பொருள்களில் வெறும் கட்டம் தெரியும். நூலை அச்சுக்கு அனுப்பும் முன் ஓர் எண்ணை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு இடம் எக்செல். இந்த இடைவெளியுள்ள எண்களை அதில் ஒட்டினால் அவை எண்களாக இல்லாமல் உரையாகவே உட்காரக்கூடும். கூட்டினால் பூஜ்யம் வரும். TRIM போட்டும் போகாது. எந்த இடைவெளி என்று சந்தேகம் வந்தால், A2வில் 299 792 458 இருக்கும்போது நான்காவது எழுத்தின் எண்ணைக் கேளுங்கள்:

```
=UNICODE(MID(A2,4,1))
```

32 என்றால் சாதாரண ஸ்பேஸ், 8201 என்றால் உடையும் மெல்லிசு, 160 என்றால் இழுபடுவது, 8239 என்றால் நாம் தேடியது. அதை நீக்கி எண்ணாக மாற்ற:

```
=VALUE(SUBSTITUTE(A2,UNICHAR(8239),""))
```

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஆங்கில விக்கிபீடியா வேறு வழியில் போகிறது. அங்கே எண்ணுக்குள் எழுத்தே கிடையாது. இலக்கங்கள் ஒட்டியே இருக்கும், CSS மூலம் சிறு ஓரம் மட்டும் விட்டிருப்பார்கள். நகலெடுத்தால் 299792458 என்று சுத்தமாக வரும். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்களும் அதை மூன்று தனி எண்களாகப் படிக்காது. வலைக்கு அது நல்ல ஏற்பாடு என்பேன். அச்சுக்கும் மின்னஞ்சலுக்கும் உதவாது, அங்கே U+202Fதான்.

நான்கு இலக்க எண்களுக்கு இடைவெளி பொதுவாக விடுவதில்லை. 1500 என்பது 1500தான், ஆண்டுகளுக்கும் அப்படியே. அட்டவணையில் ஐந்து இலக்க எண்களோடு நேராக நிற்க வேண்டியிருந்தால் மட்டும் விடலாம். நம் காற்புள்ளி எண்களைக் கலைத்து இடைவெளிக்கு மாற்றவும் தேவையில்லை, அவை ஏற்கெனவே உடையாதவை. நம் பத்திரிகைகளில் உண்மையில் உடைவது வேறு இடம்: வரி முடிவில் ‘ரூ. 5’ நிற்க, ‘கோடி’ அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த இடைவெளி சொற்களுக்கு நடுவே வருவது, இழுபட்டாலும் உறுத்தாது. அங்கே U+00A0 போதும், வேர்டில் Ctrl+Shift+Space.